என்கோடர் நேர் என்கிறது, ரோபோ வளைகிறது: ஏன்?

கேள்வி: என் டிஃபரன்ஷியல் டிரைவ் ரோபோவில் இரண்டு என்கோடரும் ஒரே எண்ணிக்கை காட்டுகின்றன. ஆனாலும் 4 மீட்டர் போவதற்குள் 40 செ.மீ. இடப்பக்கம் விலகிவிடுகிறது. என்கோடர் பழுதா?

என்கோடரைச் சந்தேகிக்க வேண்டாம். சக்கரம் எவ்வளவு சுழன்றது என்பதுதான் அதற்குத் தெரியும். தரையில் எவ்வளவு நகர்ந்தது என்பதைச் சக்கர விட்டத்தை வைத்து நாம்தான் கணக்கிடுகிறோம்.

```
d  = (dR + dL) / 2
dθ = (dR - dL) / b
```

இதில் `dR`, `dL` வலது, இடது சக்கரங்கள் ஓடிய தூரம், `d` ரோபோ நகர்ந்த தூரம், `dθ` அது திரும்பிய கோணம், `b` இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம். உங்களுடையது 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வலது சக்கரம் 1% பெரிதாக இருந்தால், 65 மி.மீ. சக்கரத்தில் அது வெறும் 0.65 மி.மீ. வித்தியாசம். அப்போது ஒவ்வொரு மீட்டருக்கும் வலது சக்கரம் 1 செ.மீ. கூடுதலாக ஓடும், ரோபோ 1/20 ரேடியன், அதாவது கிட்டத்தட்ட 3 டிகிரி, இடப்பக்கம் திரும்பிவிடும். 4 மீட்டரில் விலகல் 0.05 × 4² / 2 = 0.4 மீட்டர். உங்கள் 40 செ.மீ. இதுதான். தூரக் கணக்கில் இதே பிழை 2 செ.மீ. அளவுக்குத்தான் வரும், கெடுப்பது திசைக் கோணம்தான்.

ஆனால் உடனே நிரலில் உள்ள சக்கர விட்டத்தை மாற்றிவிடாதீர்கள். ஆரம்பத்திலேயே ரோபோவைக் கோணலாக வைத்திருந்தாலும் விலகும். பிரித்தறிய 2 மீட்டரிலும் அளந்து பாருங்கள். கோணலாக வைத்ததுதான் காரணமென்றால் அங்கே பாதி, 20 செ.மீ. இருக்கும். விட்டம்தான் காரணமென்றால் விலகல் தூரத்தின் வர்க்கமாக வளரும், ஆகவே கால்வாசி, 10 செ.மீ. மட்டுமே இருக்கும்.

விட்டம்தான் என்று உறுதியானால், என்கோடரின் ஒரு துடிப்புக்கு எத்தனை மி.மீ. என்ற எண்ணை இரு சக்கரங்களுக்கும் தனித்தனியாக வையுங்கள். வலதை 1.005 ஆலும் இடதை 0.995 ஆலும் பெருக்கினால் சராசரி மாறாது. அந்தச் சராசரி சரியா என்பதை நேர் ஓட்டத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். `b` சரியா என்று பார்க்கச் சதுரப் பாதையில் ஓட்ட வேண்டும், அதுவும் இரு திசைகளிலும். ஒரே திசையில் மட்டும் ஓட்டினால் விட்டப் பிழையும் `b` பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, ரோபோ தொடங்கிய இடத்துக்கே அழகாகத் திரும்பி வந்து நம்மை ஏமாற்றும்.

வழுக்கல் வேறு கதை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்: முடிவுப் புள்ளிகள் ஒரே பக்கம் விலகி, ஆனால் நெருக்கமாக விழுந்தால் அது அளவுப் பிழை, எண்ணை மாற்றிச் சரிசெய்யலாம். சிதறி விழுந்தால் பெரும்பாலும் வழுக்கல்தான், அதற்கு எந்த எண்ணும் உதவாது. ஒரு சக்கரம் ஒரே ஒருமுறை 1 செ.மீ. வழுக்கினாலும் அதே 3 டிகிரி பிழை வந்துவிடும், அதன்பின் போகும் தூரம் முழுக்க அது கூடவே வரும். முடுக்கத்தைக் குறைத்தால் வழுக்கல் குறையும், முழுதாகப் போகாது. அதனால் ரோபோ திரும்பும் வேகத்தை நேரடியாக அளக்கும் ஒரு கைரோவைச் சேர்த்துவிடுங்கள். என்கோடர் சொல்லும் திரும்பு வேகமும் கைரோ சொல்வதும் சட்டென்று பிரியும் கணத்தில்தான் சக்கரம் வழுக்குகிறது. அந்தக் கணத்துக்கு மட்டும் `dθ`வைக் கைரோவிலிருந்து எடுங்கள். மற்ற நேரத்தில் என்கோடரே போதும், ஏனென்றால் ரோபோ அசையாமல் நின்றாலும் கைரோ காட்டும் கோணம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.