நான்கு நாள் சம்பளம் குறைந்தது: நோட்டீஸ் அனுப்பும் முன்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 42,000 ரூபாய். அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகச் சென்ற மாதம் 17 முதல் 20 வரை நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். மேலாளர் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சரி என்றார், 27-ஆம் தேதி போர்ட்டலிலும் ஒப்புதல் கொடுத்தார். எனக்கு ஈட்டிய விடுப்பே 7 நாள் இருக்கிறது. ஆனாலும் சம்பளச் சீட்டில் நான்கு நாள் லாஸ் ஆஃப் பே போட்டு 6,462 ரூபாய் பிடித்துவிட்டார்கள். 31 நாள் மாதத்துக்கு 5,419தானே வர வேண்டும்? அதிலும் 1,043 ரூபாய் மோசடி. பேரோலில் இருப்பவருக்கு என்மேல் பழைய கோபம். ராத்திரி பகலாக உழைத்ததற்கு இதுதான் பலன். நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும்படி மெயில் எழுதி வைத்திருக்கிறேன். வக்கீல் நோட்டீஸும் அனுப்பலாமா?

பதில்: நோட்டீஸ் வேண்டாம். எழுதி வைத்திருக்கும் மெயிலையும் அனுப்பாதீர்கள்.

பேரோலில் இருப்பவரின் கோபம், ஆறு ஆண்டு உழைப்பு, அம்மாவின் அறுவை சிகிச்சை எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். எந்த அதிகாரியின் முன்னாலும் இவற்றை வைத்து ஒரு ரூபாய் கூட வாங்க முடியாது. உங்கள் வழக்கில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த நான்கு நாளும் நீங்கள் வேலைக்கு வராமல் இருந்தவரா, அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தவரா? வராமல் இருந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. சேர்ந்து கிடக்கும் ஈட்டிய விடுப்பிலிருந்து, அனுமதியோடு எடுத்த நாளுக்குப் பிடிக்க முடியாது.

நீங்கள் சொன்ன தேதிகளிலேயே விடை பாதி தெரிகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் வருகைப் பதிவை மாதக் கடைசிக்குச் சில நாள் முன்பே மூடிவிடுவார்கள். 25-ஆம் தேதி கட் ஆஃப் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று போர்ட்டலில் உங்கள் விடுப்பு இன்னும் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. வருகை இல்லை, ஒப்புதலும் இல்லை என்றால் மென்பொருள் தானாகவே லாஸ் ஆஃப் பே போட்டுவிடும். மேலாளர் 27-ஆம் தேதி அழுத்திய பொத்தான் அந்த மாதக் கணக்கில் ஏறவே இல்லை. பேரோலில் யாரும் உங்கள் பெயரைப் பார்த்து விசை தட்டியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வகைத் தவறைத் திருத்தும் வழியும் அவர்களிடம் இருக்கிறது. நான்கு நாளையும் திருப்பி, அடுத்த மாதச் சம்பளத்தில் அரியர்ஸாகப் போடுவார்கள். அப்படிப் போடும்போது உங்கள் 7 நாள் விடுப்பு 3 ஆகக் குறையும். அதைப் பார்த்து இன்னொரு சண்டையைத் தொடங்காதீர்கள். பணமும் விடுப்பும் இரண்டும் கையில் இருக்க முடியாது.

அந்த 1,043 ரூபாய்க்கு வருவோம். 42,000-ஐ 31-ஆல் வகுத்து நான்கால் பெருக்கினால் 5,419 வருகிறது. 30-ஆல் வகுத்தால் 5,600. 26-ஆல் வகுத்தால் 6,462. ஆகவே உங்கள் நிறுவனம் 26-ஆல் வகுத்திருக்கிறது. இதை மோசடி என்று எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில், வராத நாளுக்கான பிடித்தம் பற்றிய 20-ஆம் பிரிவைப் பாருங்கள். அந்தக் காலத்தில் நீங்கள் வேலை செய்ய வேண்டியிருந்த நாட்கள் எத்தனையோ, அதில் வராத நாட்களின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. நாட்காட்டியில் இருக்கும் நாட்களை அது சொல்லவில்லை. 31 நாள் மாதத்தில் ஐந்து ஞாயிறு போனால் வேலை நாள் 26. அந்த விகிதத்தில் பிடித்தது சட்டத்துக்குள்ளேயே இருக்கும். இந்தப் பழைய வழக்கத்தை 1936-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படியேதான் வைத்திருந்தது. நான்கு நாளும் திரும்பி வந்தால் வகுத்தல் கேள்வியே எழாது. அதனால் அதைக் கையில் எடுக்காதீர்கள். பலமான ஒரு கோரிக்கையோடு பலவீனமான ஒன்றைச் சேர்த்துக் கட்டினால், எதிர்ப்பக்கம் பலவீனமானதற்கு மட்டும் விளக்கமாகப் பதில் எழுதும்.

இனி, நான் கண்ணால் கண்ட விஷயத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவருக்கு எட்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான தொகை விடுபட்டிருந்தது. அவர் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம். இரவு பதினோரு மணிக்கு, பேரோல் அலுவலரின் பெயரைக் குறிப்பிட்டு, ‘திட்டமிட்டு என் பணத்தைத் திருடுகிறார்கள்’ என்று எழுதித் துறையில் இருந்த அத்தனை பேருக்கும் மெயில் அனுப்பியிருந்தார். அடுத்த மாதமே பணம் அரியர்ஸாக வந்துவிட்டது. அதே வாரத்தில் விளக்கம் கேட்கும் நோட்டீஸும் வந்தது. சக ஊழியரை அவதூறாகப் பேசியது நிலையாணைப்படி ஒழுங்கீனம் என்று குற்றச்சாட்டு. அதற்கப்புறம் நடந்த எதிலும் எட்டாயிரம் ரூபாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உள்விசாரணை முழுக்க அந்த ஒரு மெயிலைச் சுற்றியே நடந்தது. நிறுவனம் செய்த தவறு திருத்தப்பட்டுவிட்டது, இவர் செய்தது மட்டும் காகிதத்தில் நின்றது. என்னிடம் அவர் வந்தபோது காப்பாற்ற வேண்டியது வேலையாக இருந்தது, சம்பளம் இல்லை.

இதில் சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. ஒருவர்மீது, அந்த விஷயத்தில் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வது அவதூறாகாது என்று அதில் விதிவிலக்கு இருக்கிறது. பேரோல் பிரிவுக்கோ ஹெச்.ஆர். தலைவருக்கோ எழுதினால் அந்தப் பாதுகாப்புக்குள் நிற்கிறீர்கள். சம்பந்தமே இல்லாத நாற்பது பேருக்கு மெயிலின் நகலை அனுப்பிய அந்த நொடியே வெளியே வந்துவிடுகிறீர்கள். என்ன வார்த்தை எழுதினோம் என்று மட்டும் பார்ப்பவர்கள், யாருக்கு அனுப்பினோம் என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு குழி, பணம் வரும்வரை வேலைக்கு வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்வது. இப்போது சந்தேகத்தில் இருக்கும் நான்கு நாளுக்குப் பதில், சந்தேகமே இல்லாத பத்து நாளை நீங்களே நிறுவனத்துக்குக் கொடுப்பீர்கள். கோபத்தில் ராஜினாமா செய்து, ஃபுல் அண்ட் ஃபைனல் காகிதத்தில் ‘எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அந்தக் கையெழுத்தை உடைக்க, கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். ஆறாயிரம் ரூபாய்க்காக அதைச் செய்ய நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஆகவே எழுதுங்கள், ஆனால் இந்த அளவுக்கு மட்டும்:

“வணக்கம். என் பணியாளர் எண் (...). சென்ற மாதச் சம்பளச் சீட்டில் 17 முதல் 20 வரை நான்கு நாள் லாஸ் ஆஃப் பே என 6,462 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. அந்த நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு கேட்டிருந்தேன். என் மேலாளர் முன்கூட்டியே சம்மதம் தெரிவித்தார், போர்ட்டலில் 27-ஆம் தேதி ஒப்புதல் பதிவாகியுள்ளது. கட் ஆஃப் தேதிக்குப் பிறகு ஒப்புதல் வந்ததால் இப்படி ஆகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். சரிபார்த்து, திருத்தம் எந்த மாதச் சம்பளத்தில் வரும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். சம்பளச் சீட்டையும் போர்ட்டல் பக்கத்தின் படத்தையும் இணைத்துள்ளேன்.”

பேரோலுக்கு அனுப்புங்கள், மேலாளருக்கு மட்டும் நகல் போதும். இதில் யார் தவறு என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே நேரத்தில் தேதி, தொகை, விடுப்பின் வகை, ஒப்புதல் நான்கும் இருக்கின்றன. நாளை வழக்கு என்று வந்தால் நான் முதலில் கேட்கப்போகும் கடிதம் இதுதான். ‘இப்படி ஆகியிருக்கலாம்’ என்ற வரியை அடித்துவிடாதீர்கள். யாரும் முகம் சுளிக்காமல் தவறை ஒப்புக்கொள்ள அதில்தான் இடம் இருக்கிறது. இதைத் தொலைபேசியில் பேசி முடித்தாலும், ‘இன்று பேசியபடி’ என்று அன்றைக்கே இரண்டு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த போனை விற்கவும் வேண்டாம். படம் பிடித்து வைத்தது மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும், மூல உரையாடல் கையில் இருந்தால் வேலை எளிது. மேலாளர் எழுதியது ‘சரி, பார்த்துக்கொள்ளலாம்’ என்பது போல இருந்தால் அது ஒப்புதலா என்றே வாதம் வரும். உங்களுக்கு 27-ஆம் தேதிப் பதிவுதான் பலம்.

அவசரமும் இல்லை. ஊதியக் கோரிக்கையை அதிகாரியிடம் வைக்கப் புதிய தொகுப்பின் 45-ஆம் பிரிவு மூன்று ஆண்டு தருகிறது. பழைய சட்டத்தில் 12 மாதம்தான். சம்பளம் குறைவாகக் கொடுத்ததாகக் கோரிக்கை வைத்தால், சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் 59-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின்மேல். இரண்டும் உங்கள் பக்கம் இருக்கும்போது முதல் மாதமே நோட்டீஸ் எதற்கு? ஒரு வாரம் பார்த்து ஒரு நினைவூட்டல், அப்புறமும் பதில் இல்லையென்றால் ஹெச்.ஆர். தலைவருக்கு அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒரு வரி. அடுத்த சம்பளமும் திருத்தம் இல்லாமல் வந்தால் அப்போது என்னிடம் வாருங்கள்.

ஒருவேளை, முன் அனுமதி இல்லாத நாளுக்கு ஈட்டிய விடுப்பு இல்லை என்று உங்கள் விடுப்பு விதியில் இருந்து, இரண்டு நாளைத் தருகிறோம், மீதி இரண்டை விட்டுவிடுங்கள் என்றால், வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சுவது 3,231 ரூபாய். ஒரு நோட்டீஸுக்கு நான் வாங்கும் கட்டணம் அதைவிட அதிகம்.

பணம் வந்த மாதச் சீட்டில் அரியர்ஸ் தனி வரியாக இருக்கிறதா, நாட்கள் நான்கு என்று இருக்கிறதா, லாஸ் ஆஃப் பேயால் பி.எஃப். பங்கு குறைந்திருந்தால் அதுவும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் பேரோலுக்கு நன்றி என்று பதில் போட்டு, அந்த மெயில் தொடரை உங்கள் சொந்தக் கணினியில் ஒரு பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள்.