படலை திறந்து கிடந்த பாட்டு

கேள்வி: பாட்டு எழுதி முடிச்சிட்டன். கடைசியில பல்லவியையே திரும்பப் பாடுறதா, புதுசா ஒரு வரி எழுதுறதா, சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாடி மெல்லத் தேயவிடுறதா?

மூண்டு சரணமும் எழுதிப்போட்டுக் கடைசியில முட்டுப்பட்டு நிக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன். நானும் நிண்டவன்தான். முறையா இசை படிச்சவனில்லை, கொக்குவிலில ஒரு நண்பரின்ர வீட்டு ஸ்டூடியோவில பாட்டு எழுதிறவன். படிச்சவை பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆட்டப் பாட்டுக்கும் இது பொருந்தாது, கதை சொல்லுற பாட்டுக்குத்தான்.

நான் எழுதின ஒண்டைச் சொல்லுறன், வெளிநாடு போன மகனுக்குத் தாய் பாடுற பாட்டு. பல்லவி, "படலை திறந்து கிடக்கு, ராசா, பாத்திருக்கப் பாத்திருக்க விடியுது." மூண்டாம் சரணத்தில மகன் போன் எடுத்து, இனி வரமாட்டன் எண்டு சொல்லுறான்.

முதலில தேயவிட்டம். பல்லவியை 4 தரம் பாடவைச்சு, கடைசி 20 செக்கனில சத்தத்தை இறக்கினம். ஸ்டூடியோ ஸ்பீக்கரில வடிவா இருந்துது. போனில போட்டால் கடைசி ஏழெட்டுச் செக்கன் கேக்கவேயில்லை, "ராசா, பாத்தி" எண்டதோட அறுந்தமாதிரி இருந்துது. தேயவிடுறதெண்டால் முழு வசனம் சரிவராது. "விடியுது, விடியுது" மாதிரி எங்க அறுந்தாலும் பிழைக்காத சொல் வேணும்.

மேடையில இன்னும் மோசம். அங்க சத்தத்தை இறக்க ஆளில்லை. ஒரு கோயில் திருவிழாவில பாடகி குரலைக் குறைக்க, தபேலாக்காரர் கீபோட்காரரைப் பாக்க, அவர் என்னைப் பாக்க, பல்லவி ஆறாம் தரமும் போச்சு. அண்டைக்கு அறிவிப்பாளர் ஜெனரேற்றர் தந்தவரின்ர பேர் வரைக்கும் வாசிச்சார், பாட்டெழுதினவன்ர பேர் மட்டும் வரேல்லை. பாடினவருக்குக் காசு, சவுண்ட்காரருக்குக் காசு, எங்களுக்கு ஒரு பிளேன்ரீ. அது வேற கதை, விடுவம்.

பிறகு புது வரி எழுதினன். "நீ வராட்டிலும் சாத்தமாட்டன்." பாடகி கேட்டா, "அண்ணை, இதைத்தானே பல்லவி சொல்லுது?" எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவ சொன்னது சரி. வரமாட்டன் எண்டு கேட்ட பிறகும் "படலை திறந்து கிடக்கு" எண்டால், முதல் காத்திருப்பா இருந்தது இப்ப பிடிவாதமா மாறுது. என்ர வரி அதை விளக்கிக் கெடுத்துப்போட்டுது. நீங்களும் கடைசிச் சரணத்தையும் பல்லவியையும் மெட்டில்லாமல் வாசிச்சுப் பாருங்கோ. பல்லவிக்கு முதல் இல்லாத அர்த்தம் வந்தால் அதிலயே முடியுங்கோ. வராட்டில்தான் புது வரியைத் தேடோணும்.

மெட்டில ஒரு சிக்கல் மிஞ்சினது. "கிடக்கு" பஞ்சமத்தில நிக்கும், அடுத்த வரிக்குப் போறதுக்கான இடம் அது. அங்க நிப்பாட்டினால் பாட்டு முடிஞ்சதெண்டு ஒருத்தருக்கும் விளங்காது. அதால கடைசித்தரம் மட்டும் அந்தச் சொல்லைச் சட்ஜத்துக்கு இறக்கினம். தபேலாவையும் அதுக்கு முதலே நிப்பாட்டினம். இரண்டாம் வரி பாடேல்லை. இப்ப கடைசியில படலை திறந்து கிடக்கு, விடியேல்லை.