அப்பாவின் Surname கட்டம் காலியாகவே இருக்கட்டும்

கேள்வி: அப்பா, அம்மா, கணவர் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அவர்களுடைய Surname கட்டத்தில் என்ன போடுவது? இனிஷியலைப் போடலாமா?

ஒன்றும் போட வேண்டாம். இருக்கிற ஒரே பெயரை Given Name கட்டத்தில் எழுதுங்கள், Surname கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட்டாலும் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகும். புள்ளி, கோடு, NA, அதே பெயரை இரண்டாவது முறை எழுதுவது, இந்த வித்தையெல்லாம் வேண்டாம். இனிஷியலும் கூடாது. பெயரில் இனிஷியல் இருந்தால் விரித்து எழுத வேண்டும் என்பதுதான் பாஸ்போர்ட்டில் விதி.

நீங்கள் நேரடியாக இணையத்தில் நிரப்புகிறீர்களா, பிரவுசிங் சென்டரில் கொடுத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. இரண்டாவது என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பாருங்கள். காரணம் சொல்கிறேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

என் அப்பா பொன்னுசாமி, அம்மா செல்லம்மாள். இருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. படிவத்தை நிரப்பிய பையன் அப்பாவின் Surname கட்டத்தில் வந்து நின்றான். "காலியா விட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்கக்கா" என்றான். ரேஷன் கார்டில் "மா. பொன்னுசாமி" என்று இருந்ததால் M என்று தட்டினான். இனிஷியல் ஆகாது என்றேன். "அப்போ உங்க ஆளுங்க பட்டம் ஏதாவது சொல்லுங்க, அதைப் போட்டுடலாம். எல்லாரும் அதான் போடுறாங்க" என்றான். பட்டம் என்று அவன் கேட்டது சாதிப் பெயரை.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். என் தாத்தா அந்தத் தீர்மானத்தைப் படித்திருக்க மாட்டார், அவருக்குக் கையெழுத்தே வராது. ஆனால் அவர் பெயருக்குப் பின்னாலும் அப்பா பெயருக்குப் பின்னாலும் எதுவும் ஒட்டியதில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு காலிக் கட்டத்துக்குப் பயந்து அதை நான் கொண்டுவந்து ஒட்டவா? குடும்பப் பெயராகச் சாதிப் பெயர் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, பள்ளிச் சான்றிதழிலேயே இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாததை உண்டாக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் இனிஷியலை விரித்து MARIMUTHU என்று அவருடைய Surname கட்டத்தில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடுகிறவர்கள் உண்டு, அது பொய்யும் இல்லை. ஆனால் என் பள்ளிச் சான்றிதழிலும் பான் கார்டிலும் அப்பா பெயர் வெறும் பொன்னுசாமிதான். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் தாத்தா பெயரும் சேர்ந்து அச்சானால், நாளை விசா படிவத்தில் எதை எழுதுவது என்ற குழப்பம் தேவையில்லாமல் வரும். அம்மா விஷயத்தில் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அவருக்கு அவருடைய அப்பாவின் இனிஷியல், பின்னால் என் அப்பாவின் இனிஷியல். எதை விரிப்பீர்கள்? அப்பாவோ அம்மாவோ ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருந்தால் மட்டும், அதில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

கணவர் பெயருக்கும் இதே கணக்குதான். என் கணவருக்குப் பாஸ்போர்ட் இருந்தது. அதில் Given Name கட்டத்தில் அவர் பெயர், Surname கட்டத்தில் என் மாமனார் பெயர். அதைப் பார்த்து எழுதினேன். கடைசியில் என் படிவம் இப்படி முடிந்தது:

```
Applicant: Given Name KALAISELVI   Surname PONNUSAMY
Father:    Given Name PONNUSAMY    Surname (காலி)
Mother:    Given Name CHELLAMMAL   Surname (காலி)
Spouse:    Given Name RAJENDRAN    Surname SHANMUGAM
```

உங்கள் கணவருக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லையென்றால், அவர் எடுக்கும்போது பெயரை எப்படிப் பிரிக்கப் போகிறார் என்று இப்போதே பேசி முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

என் பெயருக்கு மட்டும் ஏன் Surname போட்டேன் என்று கேட்கலாம். விண்ணப்பிப்பவரும் அதைக் காலியாக விடலாம், பாஸ்போர்ட் வந்துவிடும். சிக்கல் வெளிநாட்டு விசாவில்தான். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்ற அர்த்தத்தில் FNU என்று நிற்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாக்களில் ஏற்பதில்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று விளக்கம் கொடுத்தார்கள். அதனால் அப்பா பெயர்க் கட்டத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். 2016 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அப்பா, அம்மா, சட்டப்படியான பாதுகாவலர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும். ஆனாலும் அப்பா பெயரைக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்துவிடுவது நல்லது.

கல்யாணமானவள் கணவர் பெயரைத்தானே Surname ஆகப் போட வேண்டும் என்று எங்கள் சொந்தத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படி விதி எதுவும் இல்லை. கணவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அது அங்கே இருந்தால் போதும். என் பள்ளிச் சான்றிதழில் பொ. கலைச்செல்வி என்றும் தந்தை பொன்னுசாமி என்றும் இருந்தது. இனிஷியலை விரிக்க அதுவே போதுமானதாக இருந்தது.

பான் கார்டைப் பார்த்து மட்டும் பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பாதீர்கள். பான் விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயரை Last Name கட்டத்தில் போடச் சொல்வார்கள், பாஸ்போர்ட்டில் Given Name கட்டத்தில். இரண்டும் ஒரே அரசாங்கம்தான். ஒரே பெயரோடு வாழ்கிற மக்கள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறோம் என்பது படிவம் தயாரிக்கிறவர்களுக்கு எப்போது உறைக்குமோ தெரியவில்லை. விமான டிக்கெட் தளங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

படிவத்தை அனுப்பிய பிறகு தப்பு கண்ணில் பட்டால் பதற வேண்டாம். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் ஏ கவுண்ட்டரில் புகைப்படமும் கைரேகையும் எடுக்கும்போது உங்கள் விவரங்களைத் திரையில் காட்டுவார்கள். அங்கே சொன்னால் திருத்துவார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று தலையாட்டிவிடாமல், பெற்றோர் பெயரையும் கணவர் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் கடைசிப் பக்கத்தில் ஓர் எழுத்து மாற்ற வேண்டுமென்றாலும் மறுபடி ரீ-இஷ்யூதான், 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய்.