கேள்வி-பதில்: அரை சிபியு வாங்கினால் என்ன கிடைக்கும்?

“ஒரு விசிபியு என்று போட்டிருந்த சர்வரை ஒரு வருட வாடகைக்கு எடுத்துவிட்டேன். அது ஒரு கோர்தானே?”

இல்லை. பெரும்பாலும் அது ஒரு ஹார்டுவேர் த்ரெட், அதாவது ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகளில் ஒன்று. ஒரு கோரில் அப்படி இரண்டு இருக்கலாம். ‘ஷேர்டு’ பிளான் என்றால் அந்த த்ரெட்டையும் மற்றவர்களோடு முறை வைத்துத்தான் பயன்படுத்துவீர்கள். ஒரு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டுவதற்கு முன் விளக்கப் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

“அரை சிபியு கன்டெய்னர் பிளான் எடுத்தேன். செகண்டுக்கு ஒரு ரெக்வெஸ்ட்தான் வருகிறது, அதற்கே பதில் 100 மில்லி செகண்டைத் தாண்டுகிறது. என் சொந்த மெஷினில் 20 தான். புகார் செய்தால், ‘உங்கள் சிபியு பயன்பாடு 16 சதவீதம்தான், கோளாறு உங்கள் கோடில்’ என்கிறார்கள்.”

உங்கள் கோடில் கோளாறு இல்லை. அந்த 16 சதவீதமும் பொய் இல்லை. ஆனால் அதைக் காட்டி உங்களை அனுப்பி வைத்தது அநியாயம். இதே பதிலைக் கேட்டுவிட்டு, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கோடை வாரக்கணக்கில் மாற்றி எழுதியவர்களை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரை சிபியு என்றால் பாதி வேகத்தில் ஓடும் சிபியு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எந்தப் புராசஸ் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் லினக்ஸ் ஷெட்யூலர் அப்படிக் கொடுப்பதில்லை. அது நேரத்தை அளந்து கொடுக்கிறது. உங்கள் கன்டெய்னருக்குள் இதை அடித்துப் பாருங்கள்:

```
$ cat /sys/fs/cgroup/cpu.max
50000 100000
```

இரண்டும் மைக்ரோ செகண்டில் உள்ள எண்கள். இரண்டாவது பீரியட், முதலாவது கோட்டா. ஒவ்வொரு 100 மில்லி செகண்டிலும் உங்கள் புராசஸ்கள் எல்லாம் சேர்ந்து 50 மில்லி செகண்ட் சிபியு நேரம் ஓடலாம். ஓடும்போது முழு வேகம்தான். கோட்டா தீர்ந்ததும் அவற்றை ஷெட்யூலர், ஓடக் காத்திருப்பவர்களின் வரிசையான ரன் க்யூவிலிருந்து எடுத்துவிடும். பக்கத்தில் கோர் சும்மா கிடந்தாலும் அடுத்த பீரியட் பிறக்கும் வரை முறை வராது. இதற்குப் பெயர் த்ராட்டிலிங்.

உங்கள் எண்களை இதில் வைத்துப் பார்க்கலாம். செகண்டுக்கு ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு அரை சிபியுவில் 16 சதவீதம் என்றால், ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு 80 மில்லி செகண்ட் சிபியு நேரம் ஆகிறது. சொந்த மெஷினில் அது 20-ல் முடிகிறது என்றால், வேலை நான்கு த்ரெட்டாகப் பிரிந்து நான்கு கோர்களில் ஓடுகிறது என்று அர்த்தம். ரெக்வெஸ்ட் ஒரு பீரியடின் தொடக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னரிலும் அதே நான்கு த்ரெட்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. நான்கும் சேர்ந்து தின்பதால் 50 மில்லி செகண்ட் கோட்டா, கடிகாரப்படி 12.5 மில்லி செகண்டிலேயே காலி. மீதி 87.5 மில்லி செகண்ட் நான்கும் நிற்கின்றன. அடுத்த பீரியடில் பாக்கி 30-ஐ 7.5 மில்லி செகண்டில் முடிக்கின்றன. கூட்டினால் 107.5. கோட்டாவை ஷெட்யூலர் கோர்களுக்குச் சிறு துண்டுகளாகப் பங்கிடுவதால் நிஜத்தில் சற்று முன்பின் இருக்கும். ஆனாலும் நீங்கள் பார்க்கும் ‘100-க்கு மேல்’ இதுதான்.

அவர்கள் காட்டும் கிராஃப் சராசரியை வரைகிறது. இரண்டாவது பீரியடின் தொடக்கத்தில் வேலை முடிந்ததும் அந்த செகண்டின் பாக்கி முழுவதும் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். அந்தச் சும்மா நேரம், 87.5 மில்லி செகண்ட் கட்டிப்போட்டதை மூடி மறைத்துவிடுகிறது. இப்படிப் பிளானை விற்கிறவர்கள் த்ராட்டில் கணக்கையும் அதே பக்கத்தில் காட்டியாக வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். வாங்கியவர் கண்ணில் படாத வரம்பை வைத்து விற்பது நியாயமான வியாபாரம் ஆகாது.

ஆதாரத்தை நீங்களே எடுக்கலாம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை:

```
$ grep nr_throttled /sys/fs/cgroup/cpu.stat
```

இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 600-ஐ ஒட்டி இருந்தால், பத்து நிமிடத்தில் வந்த 600 ரெக்வெஸ்ட்டும் தலைக்கு ஒரு முறை நிறுத்தப்பட்டிருக்கின்றன. அதை அப்படியே நகலெடுத்துப் புகாரில் வையுங்கள்.

த்ரெட்டைக் குறைக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது உதவாது. ஒரே த்ரெட் என்றால் 50 ஓடி, 50 நின்று, 30 ஓடி, 130 மில்லி செகண்ட் ஆகும். தேவை கோட்டாதான். `100000 100000` ஆக்கினால் 80-ம் ஒரே பீரியடுக்குள் அடங்கிவிடும். பதில் 20-க்கே திரும்பிவிடும். அதற்கு முன் `cpu.max.burst` அமைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். சும்மா இருந்த பீரியட்களில் மிச்சமானதில் 30000 வரை சேர்த்து வைத்துச் செலவழிக்க விட்டால், இதே அரை சிபியுவே உங்களுக்குப் போதும். அது சொல்லாமல் விட்டால் பூஜ்யத்தில்தான் இருக்கும்.

“புரோகிராம்களின் பிரையாரிட்டியை ஏற்றி கம்ப்யூட்டரை வேகமாக்கும் பூஸ்டர் வாங்கலாமா?”

வேண்டாம். நான் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, ஒரு மாதம் நம்பிக் காத்திருந்து, பணத்தை இழந்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. பிரையாரிட்டி என்பது ஒரே கோருக்கு இரண்டு புராசஸ் போட்டி போடும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டுமே. லினக்ஸில் அந்தப் பிரையாரிட்டி எண்ணுக்குப் பெயர் நைஸ்; அது குறையக் குறையப் பங்கு கூடும். இரண்டும் நைஸ் 0 என்றால் ஆளுக்குப் பாதி. ஒன்றை -5 ஆக்கினால் அதற்கு ஏறக்குறைய முக்கால் பங்கு. போட்டியே இல்லாவிட்டால் 0-விலும் முழு கோர் அதற்குத்தான். என் கம்ப்யூட்டர் திணறியதற்குக் காரணம் டிஸ்க். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் புராசஸ் ரன் க்யூவிலேயே இருக்காது. முறை கேட்காத ஒருவருக்கு முன்வரிசையில் இடம் கொடுத்து என்ன பயன்? `top`-ல் டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும் `wa` ஏறி நின்றால் அந்தப் பணத்தை டிஸ்க்குக்கு வையுங்கள்.

“8 கோர் மெஷின் வாங்கியும் என் கணக்கு புரோகிராம் வேகம் கூடவே இல்லை. திருப்பிக் கொடுக்கலாமா?”

`top`-ல் அந்தப் புராசஸ் 100 சதவீதத்தைத் தாண்டுகிறதா? தாண்டாவிட்டால் அது பெரும்பாலும் ஒரே த்ரெட்; ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். மெஷினில் குறை இல்லை, கேட்காமல் வாங்கிவிட்டீர்கள்.

“வாடகை சர்வர் ராத்திரியானால் ஊர்கிறது. நான் ஓடவிடுவது ஒரே புரோகிராம். `top`-ல் `st` என்று 40 காட்டுகிறது. யாரைக் கேட்பது?”

விற்றவரைத்தான். உங்களுக்கு இழைக்கப்பட்டது தெளிவான அநீதி. உங்கள் சர்வருக்குள் இருக்கும் ஷெட்யூலர் புராசஸை விசிபியுவில் ஏற்றுகிறது. ஆனால் அந்த விசிபியுவே கீழேயுள்ள நிஜ மெஷினில் ஓடும் ஒரு சாஃப்ட்வேர் த்ரெட்தான். அதற்கு முறை கொடுப்பது அங்கிருக்கும் ஷெட்யூலர். ஓடத் தயாராக இருந்தும் கீழே முறை கிடைக்காமல் நின்ற நேரம்தான் `st`, அதாவது ஸ்டீல். நூறில் நாற்பது பங்கு நேரம் உங்கள் முறை வேறொருவருக்குப் போயிருக்கிறது. இரவில் மட்டும் ஏறுகிறது என்றால், அதே மெஷினில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி, அவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் ஓடுகிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

`vmstat 60 61` கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு நிமிடம் ஒரு வரி வரும். அதிலும் `st` இருக்கும். முதல் வரி மட்டும் பூட் ஆனதிலிருந்து உள்ள சராசரி, அதை விட்டுவிடுங்கள். பகலில் ஒன்று, இரவில் ஒன்று எடுத்து இரண்டையும் அனுப்பி, வேறு மெஷினுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சில இடங்களில் கீழேயுள்ள மெஷின் இந்தக் கணக்கை மேலே சொல்லாமல் `st`-ஐ 0 என்றே காட்டும். மாற்றிய பிறகு 0 தெரிந்தால், ஒரே வேலையை `time` போட்டுப் பகலிலும் இரவிலும் ஓட்டி `real` நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வாடகையைக் கட்டுங்கள்.