தடங்கலுக்குப் பிந்தைய ஆய்வு: யாரை அழைப்பது, எப்படி அழைப்பது? கேள்வி பதில்

செயல்பாட்டுக் குழுத் தலைவர்: கட்டணச் சேவை 47 நிமிடம் நின்றுபோனது. ஓர் அமைப்பு மாற்றத்தில் தொடங்கியது. ஆய்வுக் கூட்டத்துக்கு யாரையெல்லாம் கூப்பிடுவது, அழைப்பில் என்ன எழுதுவது?

பதில்: அழைப்புக்கு முன்னால், மாற்றத்தைச் செய்தவரிடம் நீங்களே பேசிவிடுங்கள். கூட்டம் எதற்கு, யார் வருகிறார்கள், குறிப்பு யார் கைக்குப் போகும் என்பதெல்லாம் காலண்டர் அழைப்பைப் பார்த்து அவருக்குத் தெரியவரக் கூடாது. அப்படித் தெரியவந்தால் அவர் விளக்கத்தைத் தயார் செய்துகொண்டு வருவார், நடந்தது வெளியே வராது.

அப்புறம், அந்த 47 நிமிடத்தில் வேலை செய்தவர்களும் அடி வாங்கியவர்களும்: மாற்றியவர், ஒப்புதல் தந்தவர், அன்று ஆன்-காலில் இருந்தவர், உதவிப் பிரிவில் முதல் புகாரை எடுத்தவர், இந்தச் சேவையை நம்பியிருக்கும் வேறு குழுவிலிருந்து ஒருவர். உதவிப் பிரிவைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். புகார் 10:06-க்கு வந்து, எச்சரிக்கை 10:19-க்கு வந்திருந்தால், நடுவில் அந்தப் புகார் எங்கே நின்றது என்று அவரால்தான் சொல்ல முடியும். எட்டுப் பேரைத் தாண்டினால் ஆளாளுக்கு அறிக்கை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மற்றவர்களுக்குக் குறிப்பு போனால் போதும்.

உதவிப் பிரிவுக்காரருக்கு நான் இப்படி எழுதுவேன்:

“செவ்வாய்க்கிழமை கட்டணச் சேவை 10:04 முதல் 10:51 வரை நின்றது. அப்போது அவரவர் திரையில் என்ன தெரிந்தது, எது தாமதமாகத் தெரிந்தது என்று சேர்த்துப் பார்க்க வியாழன் 3 மணிக்கு ஒரு மணி நேரம் கூடுகிறோம். முதல் புகாரை எடுத்தவர் நீங்கள் என்பதால் அழைக்கிறேன். கால வரிசையின் வரைவை இணைத்திருக்கிறேன், விட்டுப்போனதைச் சேர்த்துவிடுங்கள். கூட்டத்தை நடத்துபவர் இந்தத் தடங்கலில் சம்பந்தப்படாதவர். இங்கே பேசுவது பணி மதிப்பீட்டுக்குப் போகாது.”

‘என்பதால் அழைக்கிறேன்’ என்ற வரி ஆளுக்கு ஆள் மாற வேண்டும். கடைசி வரியை, மதிப்பீடு எழுதுபவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் போட வேண்டும்.

நிரலாளர்: தப்பான கட்டளையை யார் ஓட்டினார் என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எதற்கு இத்தனை பேர்?

பதில்: 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். உங்கள் கணக்குப்படி ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தரவுத்தளத்தை `pg_dump` கருவியால் எடுக்கும் காப்பு நகல்கள் அதற்கு முன்பே தோற்றுக்கொண்டிருந்தன, கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தவில்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கட்டளையை ஓட்டியவரை மட்டும் உட்காரவைத்துக் கேட்டால் இது எப்படி வரும்? மின்னஞ்சலையும் காப்பு நகலையும் பார்த்துக்கொள்பவர்கள் அறையில் இருக்க வேண்டும்.

தர மேலாளர்: தலைப்பில் ‘மூல காரணம்’ என்று போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஒரு காரணத்தைத் தேடப் போகிறோம் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். சேவையின் பெயரும் தேதியும் போதும்.

வாடிக்கையாளர் தொடர்பு: எங்களுக்கும் இதே நிலைமை. மன்னிப்புக் கடிதத்தை எப்படித் தொடங்குவது?

பதில்: அது வேறு வேலை. உங்கள் சட்டப் பிரிவைக் கேளுங்கள்.

மனிதவளப் பிரிவு: பழி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பொறுப்பு யாருக்கு? இயக்குநரும் உட்கார்ந்தால்தானே மேலே தெரியும்?

பதில்: முதல் பாதி நியாயம். வேண்டுமென்றே செய்த தீங்கு என்றால் அது இந்தக் கூட்டத்துக்கே வரக் கூடாது, அதற்குத் தனி விசாரணை இருக்கிறது. ஆனால் இயக்குநர் உட்கார்ந்தால் ‘ஒப்புதலை முழுசாகப் படிக்காமல்தான் கொடுத்தேன்’ என்று யார் சொல்வார்கள்?

ஒரு துறைத் தலைவர்: நான் வராவிட்டால் சீரமைப்புக்கு ஆட்களும் நேரமும் யார் ஒதுக்குவது? குறிப்பில் எல்லாம் மழுங்கித்தான் வருகிறது.

பதில்: அதற்கு முடிவெடுக்கும் கூட்டத்தைத் தனியாக, மறுநாள் வையுங்கள்.

துறைத் தலைவர்: மறுநாளுக்குள் அந்தச் சூடு ஆறிவிடும். முதல் பத்து நிமிடம் நான் பேசாமல் கேட்டால்?

இரவுப் பணிக்காரர்: எங்கள் தலைவர் ஒருமுறை அப்படித்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினோம்.

பதில்: எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் நீங்கள் உங்கள் பக்கத்துத் தாமதத்தை முதலில் சொல்லித் தொடங்கும் ஆளாக இருந்தால் வேறு மாதிரி நடக்கலாம். உங்கள் குழுவினரிடமே கேட்டு முடிவெடுங்கள், அதுவும் நீங்கள் இல்லாத இடத்தில் வேறொருவர் கேட்கட்டும்.

புதிய உறுப்பினர்: அழைப்பில் தவறு செய்தவர் பெயரைப் போடலாமா?

பதில்: கூடாது.

இன்னொருவர்: பெயர் இல்லாமல் ‘ஒரு பொறியாளரின் பிழையால்’ என்று போட்டால்?

பதில்: அதே விஷயம்தான். மேலே உள்ள மாதிரியைப் படியுங்கள், அதில் எந்த நேரம் எது நின்றது என்று மட்டும்தான் இருக்கிறது. குழுத் தலைவரே, மாற்றத்தைச் செய்தவரிடம் முதலில் பேசினீர்களா?

செயல்பாட்டுக் குழுத் தலைவர்: பேசினேன். வர மாட்டேன் என்கிறார்.

பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள். கூட்டத்தை நடத்துபவர் அவரோடு தனியாக அரை மணி நேரம் பேசட்டும். ஏன் செய்தீர்கள் என்று வேண்டாம், அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது என்று கேட்கட்டும். எழுதியதை அவர் படித்துச் சம்மதித்த பிறகு கால வரிசையில் சேருங்கள்.