அப்பத்தா கணக்கில் மாதாமாதம் காணாமல்போன 249 ரூபாய்

கேள்வி: வீட்டுப் பெரியவர் கணக்கில் மாதாமாதம் ஒரு தொகை பிடிக்கிறார்கள். பாஸ்புக்கில் ACH D என்று மட்டும் இருக்கிறது. எதற்கென்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நிறுத்துவது?

எங்கள் அப்பத்தாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளத்தூரில் தனியாக இருக்கிறார். டெபாசிட் வட்டி வந்து விழும் கணக்கில் 5ஆம் தேதியானால் 249 ரூபாய் போய்விடும். பேங்க்காரன் ஏதோ பிடிக்கிறான் என்று இருந்துவிட்டார். அப்புறம் கோபம் வந்து, வட்டி வந்த அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிட ஆரம்பித்தார். அதனால் பிடித்தம் நிற்கவில்லை, கூடவே 295 என்று புதிதாக ஒரு வரி வந்தது. கணக்கில் பணமில்லாமல் திரும்பியதற்கு வங்கி போட்ட அபராதம் அது: 250, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 45. 249-ஐக் காப்பாற்றப் போய் 295 போனது.

ACH D என்று இருந்தால் அது வங்கியே போடும் கட்டணம் அல்ல. வெளியிலுள்ள ஒரு நிறுவனம், கணக்குக்காரர் கொடுத்த சம்மதத்தைக் காட்டி எடுக்கும் பணம். அந்தச் சம்மதத்துக்கு மேண்டேட் என்று பெயர். பாஸ்புக்கில் வரி பாதியில் வெட்டுப்படும் என்பதால் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கினோம். அதில் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் இருந்தது. காரைக்குடியில் ஃப்ரிட்ஜ் வாங்கியபோது தவணை போட்டுக் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி.

"அந்தக் கடன்தான் போன வருசமே முடிஞ்சுபோச்சேடா ராசா" என்றார் அப்பத்தா. முடிந்ததுதான். வங்கியில் மேண்டேட் விவரம் கேட்டோம். ஒவ்வொரு மேண்டேட்டுக்கும் UMRN என்று எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 20 இடம் வரும் ஒரு எண் உண்டு, அதை வைத்துத் தேடினால் படிவத்தின் படமே திரையில் வரும். கீழே அப்பத்தாவின் தமிழ்க் கையெழுத்து. தவணை 1,800 ரூபாய், ஆனால் படிவத்தில் 'அதிகபட்சத் தொகை' 5,000 என்று எழுதியிருந்தார்கள். முடிவுத் தேதியோ கடன் முடிந்து பல வருடம் தள்ளி. ஃப்ரிட்ஜுக்குப் போட்ட அதே கையெழுத்தில், 5,000-க்குள் வேறு எதையும் பிடிக்க அந்தப் படிவம் இடம் கொடுத்தது. கடையில் யார் இதையெல்லாம் படிக்கிறார்கள்?

கம்பெனிக்குப் போன் செய்தால், 249 ஒரு 'மருத்துவ உதவித் திட்டம்' என்றார்கள். கடன் காகிதத்தோடு சேர்த்துக் கொடுத்தார்களாம். குறுஞ்செய்தியெல்லாம் அப்பத்தாவின் கணவர், எங்கள் ஐயாவின் பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. ஐயா காலமான பிறகு அந்த எண்ணே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடன் பாக்கி இருக்கும்போது மேண்டேட்டை நிறுத்தினால் தவணை தவறும், அபராதமும் சிபில் பாதிப்பும் வரும். அதனால் முதலில் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கினோம். திட்டத்தை ரத்து செய்யச் சொல்லி ஈமெயிலும் அனுப்பினோம். இதை விட்டுவிட்டு வங்கியில் மட்டும் நிறுத்தினால் கம்பெனி புத்தகத்தில் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கலாம்.

பிறகு வங்கி. "கம்பெனிக்காரங்கதான் நிறுத்தணும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். அப்படியில்லை, கணக்குக்காரர் தன் சம்மதத்தைத் தன் வங்கியிலேயே திரும்பப் பெறலாம். மேனேஜரிடம் போய் UMRN, நிறுவனத்தின் பெயர், தொகை குறித்து, 'இந்த மேண்டேட்டை ரத்து செய்யவும்' என்று அப்பத்தா கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தோம். நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டோம். 'இந்த மாதப் பிடித்தத்தை நிறுத்தவும்' என்று எழுதினால் அந்த ஒரு மாதம்தான் நிற்கும். பிடிக்கும் தேதிக்குச் சில நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், முந்தின நாள் போனால் கோப்பு கிளம்பியிருக்கும்.

அடுத்த 5ஆம் தேதி ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசி இரண்டு மாதத் தொகையைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தது, அதற்கு முந்தையதைத் தரமாட்டோம் என்றது. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. போகட்டும்டா என்று அப்பத்தா விட்டுவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதே ஸ்டேட்மென்ட்டில் 20 ரூபாய் ஒன்றும் இருந்தது. "அதையும் நிறுத்து" என்றார். அது பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு, வருடத்துக்கு ஒருமுறைதான், விபத்தில் இறந்தால் 2 லட்சம் வரும், 70 வயது வரைதான் என்று சொன்னேன். "இன்னும் ரெண்டு வருசம் இருக்கே, இருந்துட்டுப் போகுது" என்று அதை மட்டும் விட்டுவைத்தார்.