கிரியாட்டினின் 2.3, சிறுநீர் 1.016: இரண்டையும் சேர்த்துப் படிப்பது எப்படி

கேள்வி: என் பூனைக்கு 13 வயது. போன வருடம் கிரியாட்டினின் 1.5 இருந்தது, இப்போது 2.3. ரிப்போர்ட்டில் 2.4 வரை நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.016. தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், சிறுநீரும் நிறையப் போகிறது. எடை 4.2 கிலோவிலிருந்து 3.6க்கு வந்துவிட்டது. டாக்டர், "நாள்பட்ட சிறுநீரக நோய் மாதிரி தெரிகிறது, இரண்டாம் நிலையாக இருக்கலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துதான் உறுதியாகச் சொல்வேன்" என்கிறார். இவ்வளவு சிறுநீர் போகிறது என்றால் சிறுநீரகம் நன்றாகத்தானே வேலை செய்கிறது?

பதில்:

சிறுநீர் நிறையப் போவதுதான் இங்கே சந்தேகத்தையே கிளப்புகிறது. நான் கால்நடை மருத்துவர், வயதான பூனைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். இந்தக் குழப்பம் அநேகமாக எல்லோருக்கும் வருவதுதான்.

சிறுநீரகம் முதலில் ரத்தத்தை வடிகட்டுகிறது. அப்புறம், வடிந்த நீரில் மிகப் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சி உடம்புக்கே கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் கொஞ்சம் நீரில் வெளியே அனுப்புகிறது. மண்தட்டில் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டும் முடிந்த பிறகு மிஞ்சியது. அது கூடினால் வடிகட்டுவது கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. திரும்ப உறிஞ்சுவது குறைந்திருக்கலாம். உங்கள் பூனைக்கு நடந்திருப்பது அதுதான் என்று அந்த 1.016 சொல்கிறது.

சிறுநீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதைக் காட்டுவது ஒப்படர்த்தி. சுத்தமான தண்ணீருக்கு 1.000. சிறுநீரகம் வடித்தெடுத்த நீர், உறிஞ்சலும் சேர்த்தலும் இல்லாமல் அப்படியே வெளியே வந்தால் 1.008 முதல் 1.012க்குள் இருக்கும். பூனை வறண்ட நிலத்து விலங்கின் வாரிசு, சிறுநீரைச் சுண்டவைப்பதில் நாயையும் மனிதனையும் விடக் கெட்டிக்காரி. ஆரோக்கியமான பூனையிடம் 1.035க்கு மேல் எதிர்பார்ப்போம், 1.050 என்று வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டோம். அப்படிப்பட்ட பிராணி 1.016 காட்டுகிறது என்றால், வடித்த நீரைக் கொஞ்சம்தான் சுண்டவைத்து அனுப்புகிறது.

ஏன் இப்படி ஆகிறது? சிறுநீரகத்துக்குள் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. வயதான பூனையில் இவை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துத் தழும்பாகின்றன. எஞ்சியவை செத்தவற்றின் பங்கையும் சேர்த்து வடிக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் குழாயிலும் நீர் அதிகமாகவும் வேகமாகவும் ஓடுகிறது, உறிஞ்ச நேரம் போதவில்லை. தண்ணீரை இழுத்துக்கொள்ள சிறுநீரகத்தின் உட்பகுதியில் இருக்க வேண்டிய உப்புச் செறிவும் தளர்ந்துவிடுகிறது. அதனால் நீர்த்த சிறுநீர். போன தண்ணீரை ஈடுகட்டத்தான் அவள் குடிக்கிறாள். நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறது என்று வீட்டில் நினைப்பார்கள், நடப்பது தலைகீழ். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

பாடப்புத்தகக் கணக்குப்படி, நெஃப்ரான்களில் மூன்றில் இரண்டு பங்கு போனால் சுண்டவைக்கும் திறன் குறையும், முக்கால் பங்கு போனால் கிரியாட்டினின் எல்லை தாண்டும். தோராயக் கணக்குதான். ஆனால் எது முதலில் வரும் என்பது இதில் புரியும். சிறுநீர் முதலில் நீர்க்கும், ரத்தம் பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். கிரியாட்டினின் தசையிலிருந்து ஏறக்குறைய ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கும் கழிவு. வெளியே போக முக்கிய வழி சிறுநீரக வடிகட்டல். வடிகட்டல் பாதியானால் கிரியாட்டினின் சுமார் இரட்டிப்பாகும். உங்கள் கணக்கைப் போட்டால், 1.5ஐ 2.3ஆல் வகுக்க 0.65 வருகிறது. அதாவது வடிகட்டல் போன வருடத்தில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கியிருக்கிறது. இதோடு 600 கிராம் எடையும் குறைந்திருக்கிறது. வயதான பூனை இளைத்தால் அதில் தசையும் உண்டு. தசை குறைந்தால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறையும், ரத்த அளவு இறங்கியிருக்க வேண்டும். அது இறங்காமல் ஏறியிருக்கிறது என்றால் உண்மையான இழப்பு நான் சொன்ன கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

"2.4 வரை நார்மல்" என்பது பல பூனைகளை அளந்து ஆய்வகம் போட்ட வேலி. அதற்கு உங்கள் பூனையின் பழைய எண் தெரியாது. 1.5இலேயே வாழ்ந்த பூனைக்கு 2.3 நார்மல் இல்லை. சிறுநீரக நோயின் நிலைகளை வகுத்த ஐரிஸ் என்ற சர்வதேச அமைப்பு, பூனைகளுக்கு இரண்டாம் நிலையை 1.6இலேயே ஆரம்பித்து 2.8இல் முடிப்பதும் இதனால்தான். 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. 1.6க்குக் கீழே இருந்தாலும் சிறுநீரகம் பழுதானதற்கு வேறு ஆதாரம் இருந்தால் முதல் நிலை.

ஆனால் கிரியாட்டினினை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் அது ஏற மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகாமல் இருக்கலாம், சிறுநீரகமே பழுதாகியிருக்கலாம், அல்லது சிறுநீர் வெளியேறும் பாதை அடைபட்டிருக்கலாம். அடைப்பு பெரும்பாலும் தனியாகவே தெரிந்துவிடும். முக்கிப் பார்த்தும் சிறுநீர் வராது, பை கல் மாதிரி இருக்கும். முதல் இரண்டையும் பிரிப்பதுதான் சிறுநீர்ச் சோதனையின் வேலை.

உங்கள் பூனையையே எடுத்துக்கொள்வோம். கிரியாட்டினின் 2.3, ஆனால் சிறுநீர் 1.052 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நான், "நீர் வற்றியிருக்கிறது, சிறுநீரகம் ஒவ்வொரு துளியையும் காப்பாற்றுகிறது, நீரேற்றிவிட்டு மறுபடி பார்ப்போம்" என்பேன். அதே 2.3க்கு 1.016 என்றால் கதையே வேறு. ரத்தத்தில் கழிவு தேங்குகிறது, சிறுநீரும் தண்ணீராகப் போகிறது. வடிகட்டுவது, உறிஞ்சுவது இரண்டும் ஒரே சமயத்தில் தளர்ந்திருக்கின்றன. பூனையின் தோலைத் தூக்கிவிட்டால் மெதுவாகத்தான் படிகிறது, ஈறு பிசுபிசுக்கிறது, இவ்வளவு வறட்சியிலும் சிறுநீர் 1.016தான் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சுண்டவைத்தே ஆகவேண்டிய நேரத்திலும் அதனால் முடியவில்லை.

இந்த எண் ஏமாற்றும் இடங்களும் உண்டு. முதலாவது ட்ரிப். நீரேற்றிய பிறகு எடுத்த சிறுநீர் யாருக்கும் நீர்த்துத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஃப்யூரோசமைட், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும், சர்க்கரை நோயும் இதையே செய்யும். சோதனைப் பட்டையில் ஒப்படர்த்திக்கென்று ஒரு கட்டம் இருக்கும், பூனைக்கு அதை நம்பாதீர்கள். ஒப்படர்த்தியைச் சரியாக அளக்கும் கருவி ரிஃப்ராக்டோமீட்டர். அதன் கண்ணாடியில் ஒரு துளி சிறுநீர் விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் நீலமும் வெள்ளையும் ஒரு கோட்டில் சந்திக்கும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் எண். அரை நிமிட வேலை, ஆனாலும் பல இடங்களில் பட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இதில் எனக்கு அதிகம் பயம் தைராய்டு. வயதான பூனை, எடை குறைகிறது, நிறையக் குடிக்கிறது என்றால் தைராய்டு மிகையும் பட்டியலில் வந்தே ஆகவேண்டும். அது சிறுநீரைத் தானே நீர்க்க வைக்கும். வடிகட்டலையும் செயற்கையாக உயர்த்தி, தசையையும் கரைத்து, கிரியாட்டினினைக் குறைத்துக் காட்டும். அதனால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனைப் பார்க்காமல் நிலையைக் குறிப்பது அவசரம். மறுபக்கமும் இருக்கிறது. சில பூனைகளுக்கு சிறுநீரக நோய் வந்த பிறகும் 1.035க்கு மேல் சுண்டவைக்கும் திறன் நீடிக்கும். நீர்த்த சிறுநீர் நோயைச் சுட்டும், கெட்டியான சிறுநீர் நோயே இல்லை என்று உறுதி தராது.

டாக்டர் ஏன் இரண்டு வாரம் கேட்கிறார்? நிலை என்பது நோய் ஓரிடத்தில் நிற்கும்போது குறிக்கப்படுவது. நீர்ச்சத்து சரியாக இருந்து, பூனை பட்டினியாக இருக்கும்போது எடுத்த கிரியாட்டினின் குறைந்தது இரண்டு முறை ஒத்துப்போக வேண்டும். வாந்தி எடுத்து வாடிக் கிடக்கும் நாளில் 3.4 வரலாம், அன்றே மூன்றாம் நிலை என்று எழுதிவிடுவார்கள். நீரேற்றி ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே பூனை 2.4இல் நிற்கும். நாள்பட்டது என்று சொல்லவும் மூன்று மாதத்துக்குக் குறையாத சான்று வேண்டும். உங்களிடம் போன வருட ரிப்போர்ட்டும், மெல்ல இறங்கிய எடையும் இருக்கின்றன. ஸ்கேனில் சிறுநீரகங்கள் சுருங்கி மேடுபள்ளமாகத் தெரிந்தால் இன்னும் தெளிவு. லில்லிச் செடியைக் கடித்த பூனைக்கு சில நாட்களிலேயே கிரியாட்டினின் எகிறும். அது திடீர்ப் பழுது, இந்த நிலைக்கணக்கு அதற்குப் பொருந்தாது.

நிலை முடிவானதும் இரண்டு உள்பிரிவுகளும் சேரும். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.4க்கு மேல் போனால் புரதம் கசிகிறது என்று அர்த்தம். மேல் ரத்த அழுத்தம் 160ஐத் தொட்டால் உயர் அழுத்தம். இதை விட்டுவிட்டால் ஒரு நாள் விழித்திரை பிரிந்து பூனைக்குத் திடீரென்று கண் தெரியாமல் போகும். தசை ரொம்பக் கரைந்த பூனையென்றால் எஸ்.டி.எம்.ஏ. என்ற சோதனையையும் கேளுங்கள், அது தசையை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு வழக்கமாக இரண்டாம் நிலையிலிருந்தே ஆரம்பிக்கும்.

சரி, அடுத்த முறை போகும்போது சிறுநீரை எந்த ட்ரிப்புக்கும் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தத்தை அதே ஆய்வகத்துக்கே அனுப்புங்கள். கிரியாட்டினின் மறுபடி 2.3ஐ ஒட்டி நின்று, சிறுநீரும் 1.035ஐத் தொடாமல், டி4, சர்க்கரை இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் டாக்டர் சொன்ன இரண்டாம் நிலைதான். 1.7க்கு இறங்கி சிறுநீர் 1.045 ஆனால், முதல் முறை வேறு ஏதோ குறுக்கிட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சில மாதம் கவனித்தால் போதும். ஆனால் இரண்டே வாரத்தில் 3.5க்குப் போயிருந்தால் நிலையைப் பற்றிப் பேசாமல், சிறுநீர்க்குழாயில் கல்லோ சிறுநீரகத்தில் தொற்றோ இருக்கிறதா என்று அன்றே ஸ்கேனும் சிறுநீர்க் கல்ச்சரும் கேளுங்கள்.